நிரல்களின் பட்டியலில் மூலைவிட்டம் எடுத்தால் என்ன கிடைக்கிறது?

கேள்வி: தருமபுரியில் எம்.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறேன். கேண்டரின் மூலைவிட்ட வாதம் ஓரளவு புரிகிறது. நிரல்கள் எண்ணத்தக்கவை என்று பாடத்தில் இருக்கிறது. எல்லா நிரல்களையும் வரிசைப்படுத்தி அதேபோல மூலைவிட்டம் எடுத்தால் பட்டியலில் இல்லாத ஒரு புது நிரல் வரத்தானே வேண்டும்? அப்படியானால் நிரல்களும் எண்ண முடியாதவையா? ஹால்டிங் பிராப்ளத்துக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

பதில்: கிருஷ்ணகிரிக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இருபது ஆண்டுகளுக்கு மேல் கணிப்பியல் கோட்பாடு நடத்தியிருக்கிறேன். இந்த இடத்தில் வந்து நிற்கும் மாணவர் ஆண்டுக்கு ஒருவராவது இருப்பார். பெரும்பாலும் வகுப்பிலேயே கவனமாகப் படிப்பவர் அவராகத்தான் இருப்பார். மூலைவிட்ட வாதத்தில் இரண்டு படிகள் இருக்கின்றன. "கிடைத்த பொருள் இந்தப் பட்டியலில் இல்லை" என்பது முதல் படி. "ஆனாலும் அது நாம் பட்டியலிட நினைத்த வகையைச் சேர்ந்ததுதான்" என்பது இரண்டாவது. ஒவ்வோர் இடத்திலும் ஒரு மதிப்பு நிரம்பிய எந்தப் பட்டியலுக்கும் முதல் படி தானாக வந்துவிடும். இரண்டாவது படியை ஒவ்வொரு முறையும் தனியாக நிரூபிக்க வேண்டும். மெய்யெண்களில் அது எளிதாக நிறைவேறிவிடுவதால் அப்படியொரு படி இருப்பதே கண்ணில் படுவதில்லை. நிரல்களில் இந்த இரண்டு படிகளில் ஒன்று நிறைவேறாமல் போகிறது. ஒரு நிரல் என்றாவது நிற்குமா, நிற்காமல் ஓடிக்கொண்டே இருக்குமா என்று கேட்கும் ஹால்டிங் பிராப்ளம் பிறப்பது அந்த இடத்தில்தான்.

முதல் படியை வகுப்பில் நான் வருகைப் பதிவேட்டை வைத்துத்தான் தொடங்குவேன். ஐந்து மாணவர்கள், ஐந்து நாட்கள். வந்த நாளுக்கு 1, வராத நாளுக்கு 0. பென்னாகரத்திலிருந்தும் ஊத்தங்கரையிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறவர்களின் பதிவேடு என்பதால் அதில் பூஜ்யங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை.

```
1 1 0 1 1
0 1 1 1 0
1 1 1 1 1
0 0 1 0 1
1 0 1 1 0
```

முதல் வரிசையில் முதல் எண், இரண்டாம் வரிசையில் இரண்டாம் எண் என்று இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலை வரை படித்தால் 1 1 1 0 0 என்று வருகிறது. ஒவ்வொன்றையும் தலைகீழாக்கினால் 0 0 0 1 1. இந்த வருகை முறை முதல் மாணவருடையதாக இருக்க முடியாது, முதல் நாளில் மாறுபடுகிறது. இரண்டாமவருடையதும் அல்ல, இரண்டாம் நாளில் மாறுபடுகிறது. இப்படியே ஐந்தாமவர் வரை. நாட்களும் மாணவர்களும் முடிவில்லாமல் நீண்டாலும் இதில் ஒரு சொல்லைக்கூட மாற்ற வேண்டியதில்லை. n-ஆம் வரிசையோடு n-ஆம் இடத்தில் மாறுபடும்படி கட்டிய தொடர், எந்த வரிசையோடும் ஒத்துப்போகாது.

கேண்டர் 1891-இல் இந்த வாதத்தை முன்வைத்தபோது தசம எண்களை எடுத்துக்கொள்ளவில்லை. m, w என்ற இரண்டே குறிகளால் ஆன முடிவிலாத் தொடர்களைத்தான் எடுத்துக்கொண்டார். மெய்யெண்கள் எண்ண முடியாதவை என்பதை அவர் 1874-இலேயே வேறொரு வழியில் நிரூபித்துவிட்டார். அதில் மூலைவிட்டம் கிடையாது. இந்த வரலாறு ஒரு பயனுக்காகத்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். தசமத்தில் 0.4999... என்பதும் 0.5 என்பதும் ஒரே எண் என்ற தொல்லை உண்டு. ஆகவே இலக்கத்தை மாற்றும்போது 0, 9 இரண்டையும் தவிர்க்க வேண்டும்; "இலக்கம் 5 என்றால் 6, இல்லையென்றால் 5" என்ற விதி போதும். இரண்டு குறிகளாலான தொடர்களை நேரடியாக எடுத்துக்கொண்டால் அந்தத் தொல்லையே எழாது.

"விடுபட்ட தொடரைப் பட்டியலின் தலையில் சேர்த்துவிட்டால் போயிற்று" என்று அடுத்து ஒருவர் சொல்வார். சேர்க்கலாம், அப்போது அது வேறொரு பட்டியல், அதற்கு வேறொரு மூலைவிட்டம். வாதம் ஒரு குறிப்பிட்ட பட்டியலைப் பற்றியது அல்ல. எந்தப் பட்டியலைக் கொடுத்தாலும் அதில் விடுபட்ட ஒன்றைக் காட்டும் முறை என் கையில் இருக்கிறது என்பதே அது சொல்வது.

இனி இரண்டாவது படி. பதிவேட்டில் கிடைத்த 0 0 0 1 1 என்பதும் ஒரு 0-1 தொடர்தான். 0-1 தொடர் என்ற வகையில் சேருவதற்கு வேறு எந்தத் தகுதியும் தேவையில்லை என்பதால் இரண்டாவது படி கேட்பாரின்றி நிறைவேறுகிறது. ஆகவே "எல்லா 0-1 தொடர்களும் அடங்கிய பட்டியல்" என்று ஒன்று இருக்க முடியாது, அதாவது அவை எண்ண முடியாதவை. இப்போது 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட விகிதமுறு எண்களை எடுத்துக்கொள்ளுங்கள். பகுதியைப் பார்த்து வரிசைப்படுத்தலாம்: 1/2, 1/3, 2/3, 1/4, 3/4, 1/5 என்று ஒன்றும் விடுபடாமல் பட்டியல் எழுதிவிட முடியும். இதற்கும் மூலைவிட்டம் எடுக்கலாம். மேலே சொன்ன 5-6 விதியின்படி இலக்கங்களை மாற்றினால் ஒரு தசம எண் கிடைக்கும். அது நிச்சயமாகப் பட்டியலில் இருக்காது. இதனால் விகிதமுறு எண்கள் எண்ண முடியாதவை ஆகிவிடுமா? ஆகாது. பட்டியலில் எல்லா விகிதமுறு எண்களும் இருப்பதால், பட்டியலில் இல்லாத அந்த எண் விகிதமுறு எண் அல்ல என்பதுதான் முடிவு. அதன் இலக்கங்கள் மீண்டும் மீண்டும் சுழலாது. மூலைவிட்டம் பட்டியலைத் தாண்டியது, கூடவே வகையையும் தாண்டிவிட்டது. முரண்பாடு எதுவும் எழவில்லை.

நிரல்களுக்கு வருவோம். நிரல் என்பது முடிவுள்ள எழுத்துத் தொடர். எல்லா எழுத்துத் தொடர்களையும் நீளத்தின்படியும், ஒரே நீளமுள்ளவற்றை அகரவரிசைப்படியும் அடுக்கி 0, 1, 2 என்று எண் இட்டுவிடலாம். இலக்கணப் பிழையுள்ள தொடர்களை நீக்கக்கூட வேண்டாம், அவை எந்த விடையும் தராத நிரல்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு நிரலும் ஓர் இயல் எண்ணை வாங்கிக்கொண்டு ஓர் இயல் எண்ணை விடையாகத் தருகிறது என்றும் கொள்வோம். run(i, n) என்பது i-ஆம் நிரலை எடுத்து, அதற்கு n-ஐக் கொடுத்து, ஓட்டி, வந்த விடையைத் திருப்பித் தரும் இன்டர்பிரெட்டர். இதை எழுத முடியும். பைத்தான் தினமும் செய்யும் வேலையே அதுதான். இப்போது நீங்கள் நினைத்த மூலைவிட்ட நிரலை எழுதுவோம்.

```python
def d(n):
    return run(n, n) + 1
```

n-ஆம் நிரல் n-க்கு என்ன விடை தருகிறதோ அதைவிட ஒன்று கூடுதலாக d தருகிறது. ஆகவே எந்த நிரலோடும் ஒத்துப்போகாது என்று தோன்றும். ஆனால் d-யும் ஒரு நிரல்தான். பட்டியலில் அதற்கும் ஓர் எண் உண்டு. அதை k என்போம். run உட்பட முழு உரையும் 2,000 எழுத்து நீளம், எழுத்துக்கூட்டத்தில் 96 குறிகள் என்றால், k என்பது 4,000 இலக்கங்களுக்குச் சற்றுக் குறைவான ஓர் எண். பெரியதுதான், ஆனாலும் முடிவுள்ள எண், கணக்கிட்டு எழுதிவிடலாம். இனி d(k) என்ன? வரையறைப்படி அது run(k, k) + 1. k-ஆம் நிரல் d-தான் என்பதால் run(k, k) என்பது d(k). ஆக d(k) = d(k) + 1.

இந்தச் சமன்பாட்டைப் பார்த்தவுடன் "முரண்பாடு, ஆகவே நிரல்கள் எண்ண முடியாதவை" என்று எழுதிவிடத்தான் கை போகும். எழுதுவதற்கு முன் ஒரு நிமிடம் நிரலை ஓட்டிப் பாருங்கள். d(k)-ஐ அழைத்தால் அது run(k, k)-ஐ அழைக்கிறது. run, k-ஆம் நிரலை, அதாவது d-யை எடுத்து, k-ஐக் கொடுத்து ஓட்டத் தொடங்குகிறது. அந்த உள் d, தன் முதல் வேலையாக run(k, k)-ஐ அழைக்கிறது. அதற்குள் இன்னொரு d. ஒவ்வொரு மட்டமும் தனக்கு உள்ளேயிருக்கும் மட்டத்தின் விடைக்காகக் காத்திருக்கிறது. கடைசி மட்டம் என்று ஒன்று இல்லாததால் "+ 1" என்ற செயலுக்கு யாருமே வந்து சேர்வதில்லை. உண்மையான கணினியில் சிறிது நேரத்தில் நினைவகம் தீர்ந்து நின்றுவிடும். நினைவகத்துக்கு எல்லையே இல்லாத கணினியில் அது என்றென்றும் ஓடிக்கொண்டிருக்கும். d(k) என்பதற்கு மதிப்பே இல்லை. மதிப்பு இல்லாத ஒன்றோடு ஒன்றைக் கூட்டினாலும் மதிப்பு இல்லைதான். ஆகவே இரண்டு பக்கமும் ஒத்துப்போகின்றன, முரண்பாடு இல்லை.

பதிவேட்டோடு ஒப்பிட்டால் என்ன நடந்தது என்பது தெளிவாகும். பதிவேட்டில் ஒவ்வொரு கட்டத்திலும் 0 அல்லது 1 நிரப்பப்பட்டிருந்தது, அதனால் அதைத் தலைகீழாக்க முடிந்தது. நிரல்களின் அட்டவணையில் சில கட்டங்கள் காலி. நிற்காமல் ஓடும் நிரலுக்கு அந்தக் கட்டத்தில் விடையே கிடையாது. காலிக் கட்டத்தை "மாற்றினாலும்" அது காலியாகவே இருக்கிறது. மூலைவிட்டம் பட்டியலைவிட்டு வெளியேற வேண்டிய துளை அங்கே அடைபட்டுவிடுகிறது. d பட்டியலுக்குள்ளேயே, k-ஆம் வரிசையாக, கட்டத்தில் ஒரு காலியோடு அமர்ந்திருக்கிறது. இந்த வகையில் முதல் படியே நடக்கவில்லை.

காலிக் கட்டங்களே இல்லாத நிரல்மொழியை எடுத்துக்கொண்டால்? இது வெறும் கற்பனையல்ல. while-ஐ நீக்கிவிட்டு, எத்தனை சுற்று என்று நுழையும்போதே முடிவாகிவிடும் for மட்டும் உள்ள, ஒரு சார்பு தன்னைத்தானே அழைக்க முடியாத மொழியை வைத்துக்கொள்ளுங்கள். அதில் எழுதும் ஒவ்வொரு நிரலும் எந்த உள்ளீட்டுக்கும் நின்றே தீரும். அட்டவணை முழுவதும் நிரம்பியிருக்கும். அந்த மொழிக்கான run-ஐ முழுப் பைத்தானில் எழுதி d-யை ஓட்டினால், d எல்லா n-க்கும் விடை தரும், அந்த மொழியின் எந்த நிரலோடும் ஒத்துப்போகாது. முரண்பாடு? இல்லை. d கணிக்கத்தக்கதுதான், ஆனால் அந்தச் சிறு மொழிக்குள் எழுத முடியாதது. விகிதமுறு எண்களில் நடந்ததுதான் இங்கும் நடக்கிறது. இதிலிருந்து கூடுதலாக ஒன்று கிடைக்கிறது: அந்த மொழி தன்னுடைய இன்டர்பிரெட்டரைத் தனக்குள்ளேயே எழுதிக்கொள்ள முடியாது, எழுத முடிந்தால் d-யையும் எழுதிவிடலாம் அல்லவா. கணிக்கத்தக்கதாக இருந்தும் இந்த வரம்புக்குள் அடங்காத ஒரு சார்பை ஆக்கர்மன் 1928-இல் வெளியிட்டார். அவருடைய வழி மதிப்பு வளரும் வேகத்தைப் பார்ப்பது. மூலைவிட்ட வழி அதைவிடக் குறுகியது. எல்லா நிரல்களும் கட்டாயம் நிற்கும் என்று உறுதி தரும் எந்த மொழியை எவர் வடிவமைத்தாலும், அதன் நிரல்களை இயந்திரத்தனமாக வரிசைப்படுத்தி ஓட்ட முடியுமானால், என்றும் நிற்கக்கூடிய ஏதோ ஒரு நிரல் அதற்கு வெளியே இருந்தே தீரும். பாடத்தில் இதை இரண்டு வரியில் கடந்துவிடுகிறார்கள் என்பது என் நெடுநாள் குறை.

இப்போது ஹால்டிங் பிராப்ளம். d ஏன் தோற்றது? காலிக் கட்டத்தில் போய் மாட்டிக்கொண்டதால். அப்படியானால் கட்டம் காலியா இல்லையா என்று முன்கூட்டியே சொல்லும் ஒரு நிரல் நம்மிடம் இருந்தால் மாட்டிக்கொள்ளாமல் தப்பிக்கலாம். i-ஆம் நிரல் n என்ற உள்ளீட்டில் நிற்குமானால் True, நிற்காவிட்டால் False என்று, எந்த i, n கொடுத்தாலும் தானும் நின்று சரியாக விடை சொல்லும் halts(i, n) இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். d-யைத் திருத்தி எழுதுகிறேன்.

```python
def d(n):
    if halts(n, n):
        return run(n, n) + 1
    return 0
```

இந்தத் திருத்திய d எந்த n-க்கும் நிற்கும். halts எப்போதும் நிற்கும் என்று வைத்துக்கொண்டோம். அது True என்றால் மட்டுமே run அழைக்கப்படுகிறது, அப்போது run நிற்கும். False என்றால் 0 தந்துவிட்டு முடித்துக்கொள்கிறது. இந்த d-க்கும் பட்டியலில் ஓர் எண் உண்டு. அதையும் k என்றே அழைப்போம். d எல்லா உள்ளீட்டிலும் நிற்கும் என்பதால் k-யிலும் நிற்கும்; ஆகவே halts(k, k) என்பது True; ஆகவே d(k) = run(k, k) + 1 = d(k) + 1. முன்பு இதே சமன்பாடு வந்தபோது "மதிப்பு இல்லை" என்ற வாசல் திறந்திருந்தது. இப்போது அந்த வாசலை நாமே பூட்டிவிட்டோம். d(k) ஒரு குறிப்பிட்ட இயல் எண், எந்த இயல் எண்ணும் தன்னைவிட ஒன்று கூடுதலாக இருக்க முடியாது. இது உண்மையான முரண்பாடு. நாம் பயன்படுத்தியவற்றில் run எழுதக்கூடியது, கூட்டலும் if-உம் எழுதக்கூடியவை. இல்லாத பொருளாக மிஞ்சுவது halts மட்டும்தான்.

d தன்னுடைய எண் k என்ன என்று "தெரிந்துவைத்திருக்க" வேண்டியதில்லை என்பதைக் கவனியுங்கள். d-யின் உரைக்குள் k எங்கும் எழுதப்படவில்லை. நாம் வெளியிலிருந்து எண்ணைத் தேடிப் பார்த்து, அந்த எண்ணை உள்ளீடாகக் கொடுக்கிறோம், அவ்வளவே. "நிரல் தன்னைப் பற்றியே பேசுவதால் வரும் விபரீதம்" என்று இதை ஒரு மாயம்போலச் சொல்பவர்கள் உண்டு. பதிவேட்டில் மூன்றாம் மாணவருக்கு மூன்றாம் நாளோடு என்ன மாயத் தொடர்பு இருந்ததோ அதே அளவுதான் இங்கும்: வரிசைக்கும் நெடுவரிசைக்கும், அதாவது நிரலுக்கும் உள்ளீட்டுக்கும், ஒரே எண்களைப் பயன்படுத்துகிறோம்.

டூரிங் 1936-ஆம் ஆண்டுக் கட்டுரையில் உங்கள் ஐயத்தையே எடுத்து வைத்துத்தான் இந்தப் பகுதியைத் தொடங்குகிறார். மெய்யெண்களைப் பட்டியலிட முடியாது என்று காட்டும் வாதம், கணிக்கத்தக்க எண்களையும் பட்டியலிட முடியாது என்று காட்டிவிடும் என ஒருவர் நினைக்கக்கூடும் என்று சொல்லிவிட்டு, பிழை எங்கே என்று விளக்குகிறார். இலக்கங்களை முடிவின்றி அச்சிட்டுக்கொண்டே போகும் இயந்திரங்களைப் பற்றியது அவருடைய கட்டுரை. நிற்பது, நிற்காதது என்ற பேச்சு பின்னால் வந்தவர்களுடையது. அங்கே நல்ல இயந்திரம் என்பது அச்சிடுவதை எங்கும் நிறுத்தாதது, கெட்டது என்பது ஓரிடத்துக்கு மேல் இலக்கமே தராமல் போவது. நல்லவற்றை மட்டும் பொறுக்கி மூலைவிட்டம் கட்டும் ஓர் இயந்திரத்தை அவர் கற்பிக்கிறார். அது ஒவ்வோர் எண்ணாகச் சோதித்துக்கொண்டே வந்து, கடைசியில் தன்னுடைய எண்ணிலேயே வந்து மாட்டிக்கொள்கிறது. தன்னை "கெட்டது" என்று சொல்ல முடியாது. "நல்லது" என்று சொன்னால் தன்னுடைய அடுத்த இலக்கத்தைத் தெரிந்துகொள்ளத் தன்னையே ஓட்ட வேண்டும், அது முடிவதில்லை. மேலே d(k)-ஐ ஓட்டிப் பார்த்தோமே, அதே காட்சி. வெறும் முரண்பாட்டைக் காட்டிவிட்டுப் போனால் படிப்பவருக்கு எங்கோ தவறு இருப்பதுபோன்ற உணர்வு மிஞ்சும் என்று அவரே கருதி, இந்த நேரடி வழியையும் சேர்த்தார். நானும் அதனால்தான் சமன்பாட்டோடு நிறுத்தாமல் நிரலை ஓட்டிக் காட்டினேன்.

ஆக, கணிக்கத்தக்க எண்களும் எல்லா உள்ளீட்டிலும் நிற்கும் நிரல்களும் எண்ணத்தக்கவைதான், இதில் ஐயமே இல்லை. எல்லா நிரல்களின் பட்டியலிலிருந்து சிலவற்றை அடித்துவிட்டால் மிஞ்சுவதும் பட்டியல்தானே. ஆனால் எவற்றை அடிக்க வேண்டும் என்று எந்த நிரலாலும் சொல்லிமுடிக்க முடியாது. பட்டியல் இருக்கிறது, அதை இயந்திரத்தால் எழுத முடியாது. "இருக்கிறது" என்பதும் "கணித்து எழுதலாம்" என்பதும் இரண்டு வெவ்வேறு செய்திகள். கேண்டரின் வாதத்தில் முதலாவதுதான் பேச்சு, டூரிங்கின் வாதத்தில் இரண்டாவது.

கேண்டரின் முடிவை அப்படியே பயன்படுத்தினாலும் கணிப்பியலில் ஒரு தேற்றம் கிடைக்கிறது. ஆம்-இல்லை என்று விடை கேட்கும் ஒவ்வொரு பிரச்சினையும் ஒரு 0-1 தொடர்தான்: n-ஆம் கேள்விக்கு ஆம் என்றால் n-ஆம் இடத்தில் 1. இத்தகைய தொடர்கள் எண்ண முடியாதவை, நிரல்கள் எண்ணத்தக்கவை. ஆகவே நிரலால் தீர்க்க முடியாத பிரச்சினைகள் இருந்தே தீர வேண்டும், அவைதான் பெரும்பான்மை. ஆனால் இந்த வாதம் அவற்றில் ஒன்றைக்கூடப் பெயர் சொல்லிக் காட்டாது. எல்லாம் எவரும் கேட்கவே கேட்காத ஒழுங்கற்ற தொடர்களாக இருந்துவிட்டால் யாருக்கும் கவலையில்லை. halts பற்றிய வாதம் தரும் பிரச்சினையோ ஒவ்வொரு நிரலரும் மாலையில் கேட்கும் கேள்வி.

இதற்கு மேல் பெரும்பாலான நிரூபணங்களில் மூலைவிட்டத்தை மறுபடி எடுக்கத் தேவையில்லை, halts-இல் கொண்டுபோய்ச் சேர்த்தால் போதும். "இந்த நிரல் என்றாவது திரையில் 'தக்காளி' என்று அச்சிடுமா?" என்று சரியாகச் சொல்லும் சோதனை நிரல் ஒன்றை ஒருவர் எழுதிவிட்டேன் என்று வருகிறார் என்று கொள்வோம். i-ஆம் நிரல் n-இல் நிற்குமா என்று நமக்குத் தெரிய வேண்டும். ஒரு புது நிரலை எழுதுகிறோம்: அது எதையும் திரையில் காட்டாமல் run(i, n)-ஐ ஓட்டும், அது முடிந்தபின் "தக்காளி" என்று அச்சிடும். இந்தப் புது நிரல் "தக்காளி" என்று அச்சிடுவதும் i-ஆம் நிரல் நிற்பதும் ஒன்றே. புது நிரலை அவருடைய சோதனை நிரலிடம் கொடுத்தால் halts கிடைத்துவிடுகிறது. halts இல்லை, ஆகவே அவருடைய நிரலும் இல்லை. விடைத்தாள்களில் நான் அதிகம் கண்ட பிழை இந்தத் திசையைத் திருப்பிப் போடுவதுதான்: "halts இருந்தால் தக்காளிச் சோதனையைத் தீர்க்கலாம், halts இல்லை, ஆகவே தக்காளிச் சோதனையும் இல்லை." இது எதையும் நிரூபிக்காது, பஸ் வரவில்லை என்பதால் ஊருக்குப் போக வழியே இல்லை என்று சொல்வதைப் போன்றது. சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. உங்கள் நிரூபணத்தில் கற்பனையாக வைத்துக்கொண்ட கருவி எது, கட்டி முடித்த கருவி எது என்று கேளுங்கள். கட்டி முடித்தது halts ஆக இருக்க வேண்டும்.

தேற்றம் எதைச் சொல்லவில்லை என்பதையும் தெளிவாக்கிவிடுகிறேன். ஒரு தனி நிரல் நிற்குமா என்பது "தீர்மானிக்க முடியாதது" என்று சொல்வதற்குப் பொருளில்லை. அந்த ஒரு நிரலுக்கு True என்று மட்டும் சொல்லும் நிரல், False என்று மட்டும் சொல்லும் நிரல் ஆகிய இரண்டில் ஒன்று சரியானது. எது என்று நமக்குத் தெரியாமல் இருக்கலாம், அது வேறு விஷயம். இல்லாதது எல்லா நிரல்களுக்கும் பொதுவான ஒரே சோதனை. அதிலும் பாதி நம் கையில் இருக்கிறது: நிற்கும் நிரலை ஓட்டிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் நின்று "ஆம்" என்று தெரிந்துவிடும். நிற்காத நிரலுக்கு "இல்லை" என்று சொல்லத்தான் பொது வழி இல்லை. நினைவகம் வரம்புக்குட்பட்ட உண்மையான கணினிக்கு இந்தத் தேற்றம் எழுத்துப்படி பொருந்தாது. முன்பு இருந்த நிலையே திரும்ப வந்தால் சுழல் என்று கொள்கையளவில் கண்டுபிடித்துவிடலாம். ஆனால் வெறும் 1,000 பிட் நினைவகத்துக்கே 2-இன் 1,000-ஆம் அடுக்கு நிலைகள், அதாவது 302 இலக்க எண்ணிக்கை என்பதால் அந்தக் கொள்கையால் நடைமுறையில் பயன் குறைவு.

கடைசியாக, தேற்றத்துக்கும் நம்பிக்கைக்கும் உள்ள எல்லையைச் சொல்லிவிட வேண்டும். டூரிங் இயந்திரத்தாலும், அதற்குச் சமமான பைத்தான் முதலிய மொழிகளாலும் halts எழுத முடியாது என்பது நிரூபிக்கப்பட்ட தேற்றம். மேலே முழு நிரூபணமும் இருக்கிறது. மனிதர் தாளும் பேனாவும் கொண்டு விதிப்படி செய்யக்கூடிய எந்தக் கணிப்பையும் டூரிங் இயந்திரம் செய்யும் என்பது தேற்றம் அல்ல. அது சர்ச்-டூரிங் கருதுகோள். 1936-இல் சர்ச்சும் டூரிங்கும் வெவ்வேறு வழிகளில் கொடுத்த வரையறைகள் ஒரே சார்புகளையே தந்தன. பின்னால் வந்த மாதிரிகளும் அப்படியே. அதனால் அதை ஏற்றுக்கொள்கிறோம். விதிமுறைக் கணிப்பு என்ற அன்றாடக் கருத்துக்கு முறையான வரையறை தராமல் அதை நிரூபிக்க வழியில்லை. "எந்த வழிமுறையாலும் முடியாது" என்று தேர்வில் எழுதும்போது இந்தக் கருதுகோளையும் சேர்த்தே எழுதுகிறீர்கள். "எந்த டூரிங் இயந்திரத்தாலும் முடியாது" என்று எழுதினால் மூலைவிட்டம் மட்டுமே போதும்.